பெருங்காய டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அலமாரி முழுக்க அதே நெடி

அலமாரி | ஜூன் 4, இரவு 9.10

கலப்பில்லாத கட்டிப் பெருங்காயம் நூறு கிராம் வாங்கினேன். வந்த பையோடு இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேல் தட்டில் வைத்தேன். மறுநாள் காலை அலமாரியைத் திறந்தால் நெடி முகத்தில் அறைந்தது. கீழ்த்தட்டில் இருந்த சர்க்கரையிலும் தேயிலையிலும் அதே நெடி.

மூடியைச் சோதித்தேன். டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அப்புறம் வாசம் எந்த வழியாக வருகிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதையே சூடான எண்ணெயில் போட்டதும் பசியைக் கிளப்பும் மணம் வருகிறது. சூட்டில் நெடி "செத்துவிடும்" என்கிறார்கள். செத்துவிட்டால் மணம் மட்டும் எப்படி மிஞ்சுகிறது?

கல்சட்டி | ஜூன் 4, இரவு 10.02

நெடி கந்தகத்தால் வருவது. சூட்டில் கந்தகம் எல்லாம் ஆவியாகிப் போய்விடும், அதனால் மணமாகிறது. டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், கூடவே ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா. பிரச்சினை தீர்ந்தது.

தூவல் | ஜூன் 5, காலை 7.40

எனக்கு நேர் எதிரான பிரச்சினை. என் பெருங்காயத் தூளில் வாசமே இல்லை. அரைக் கரண்டி போட்டாலும் தெரியவில்லை. டப்பா திறந்தே கிடக்கும், அலமாரியில் ஒரு நெடியும் கிடையாது. வாசம் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதானே கேட்கிறீர்கள்?

அலமாரி | ஜூன் 5, காலை 8.15

இல்லை தூவல், வாசம் வெளியே வராமல் இருக்க வழி கேட்கிறேன்.

பிசின் | ஜூன் 5, மதியம் 1.30

மசாலாத் தூள் தயாரிப்பில் தரப் பரிசோதனை செய்தவன் நான். பல வருடம் இந்த நெடியோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

முதலில் தூவலுக்கு. உங்களிடம் இருப்பது கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பிசினை அப்படியே தூளாக விற்பது கடினம், ஒட்டிக்கொள்ளும். அதனால் மைதா அல்லது அரிசி மாவு, கருவேலம்பிசின் போன்றவற்றைச் சேர்த்துத் தூளாக்குவார்கள். பெரும்பங்கு மாவுதான், பெருங்காயம் கொஞ்சம். பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிலும் திறந்து வைத்திருக்கிறீர்கள், இருந்ததும் போயிருக்கும். வீட்டில் கோதுமை ஒவ்வாதவர் யாராவது இருந்தால் இந்தப் பட்டியலைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி அலமாரி கேட்டது. கந்தகம் என்று கல்சட்டி சொன்னது சரி. எல்லாம் ஆவியாகிவிடும் என்பதுதான் சரியில்லை. நெடியைத் தருபவை டைசல்பைடுகள். இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும், இரு பக்கமும் கார்பன் வால்கள். பெருங்காயத்தில் முக்கியமானதற்கு ஒரு பக்கம் பியூட்டைல் வால், மறுபக்கம் புரொப்பினைல் வால். வெங்காயத்தின் வாசப் பொருள்களிலும் இந்தப் புரொப்பினைல் துண்டு உண்டு. ஆகவே உறவு ஏற்கெனவே இருக்கிறது, பச்சையாக இருக்கும்போது நம் மூக்குக்குப் பிடிபடுவதில்லை.

சூடு பட்டால் அந்தக் கந்தகக் கைப்பிடி நழுவும். நழுவிய துண்டுகள் வேறு துண்டுகளோடு சேர்ந்து புதிய சேர்மங்கள் உண்டாகும். எளிதில் பறப்பவை பறந்துபோகும். மிஞ்சியவையும் புதிதாக உண்டானவையும் எண்ணெயில் கரைந்து நிற்கும். எண்ணெய் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அளவு குறையும்போது மூக்கு அதையே வேறு மாதிரி வாசிக்கும். கந்தகச் சேர்மங்கள் பலவும் இப்படித்தான்: குப்பென்று அடித்தால் அழுகல், இழையாக வந்தால் உணவு.

அலமாரி | ஜூன் 5, இரவு 9.45

அப்படியானால் மூன்று வேலை நடக்கிறது. பறப்பது, மாறுவது, எண்ணெய் பிடித்து வைப்பது. எது பெரிய பங்கு? சூடா, எண்ணெயா? நாளை செய்து பார்க்கிறேன்.

வாசற்படி | ஜூன் 6, காலை 6.50

இடையில் ஒன்று. இதன் அறிவியல் பெயரில் வரும் ஃபோடிடா என்ற சொல்லுக்கு லத்தீனில் நாற்றமடிப்பது என்று பொருள். ஜெர்மன் மொழியில் இதற்குப் பிசாசின் சாணம் என்று பெயர். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் பெருலா என்ற செடியின் கிழங்கு போன்ற வேரைக் கீறினால் பால் வடியும். அது காற்றில் உறைந்து கட்டியாகும். முதலில் வெளுப்பாக இருந்து, நாளாக ஆகச் செம்பழுப்பாகும். இந்தியா காலங்காலமாக இறக்குமதி செய்துதான் தின்கிறது. 2020 அக்டோபரில்தான் இமாச்சலின் லாகுல் பள்ளத்தாக்கில் நாற்று நட்டார்கள். செடி பால் தர ஐந்து வருடம் போல ஆகும்.

அலமாரி | ஜூன் 7, மாலை 5.20

செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு மிளகளவு கட்டி. நான்கு பேர் சாப்பாட்டுக்கு அதுவே தாராளம்.

முதலில் இரண்டு மேசைக்கரண்டி பச்சை எண்ணெயில் நசுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தேன். நெடி குறைந்தது, ஆனால் அதே பச்சை நெடிதான். ஆக, எண்ணெய் பிடித்து வைக்கிறது. மாற்றுவது அதன் வேலை இல்லை.

அடுத்து காய்ந்த இரும்புச் சட்டியில், எண்ணெயே இல்லாமல் சிறுதீயில். முதல் அரை நிமிடம் நெடி இன்னும் மோசமாகி வீடு முழுக்கப் பரவியது. அப்புறம் வறுத்த வெங்காயம் போல ஒரு சாயல் வந்தது. கட்டி உப்பிப் பொரிந்தது. தூளாக்கிச் சூடான பருப்புத் தண்ணீரில் போட்டால் மணம் இருந்தது, ஆனால் மெலிதாக. நல்லதில் பாதி ஜன்னல் வழியாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சூடான எண்ணெயில். கட்டி எண்ணெயில் விழுந்ததும் சுற்றிலும் நுரை கட்டியது. முதல் சில நொடிகள் காட்டமான நெடி, ஒரு கணம் தப்பு செய்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. நுரை அடங்கி, கட்டி உப்பி, இளம் பழுப்பானபோது வாசம் மாறியிருந்தது. பருப்புத் தண்ணீரில் கொட்டினேன். மூன்றில் இதுதான் நிறைவான மணம்.

என் முடிவு: மாற்றுவது சூடு, வைத்துக்கொள்வது எண்ணெய்.

கல்சட்டி | ஜூன் 7, இரவு 8.00

தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் சூடுதானே? அதில் ஏன் இதே மணம் வருவதில்லை?

பிசின் | ஜூன் 7, இரவு 10.40

நல்ல கேள்வி. தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது. தாளிக்கும் எண்ணெய் அதை எளிதில் தாண்டி நூற்றைம்பதுக்கு மேல் போகும். அந்தக் கந்தகக் கைப்பிடிகள் வேகமாக மாற அந்தக் கூடுதல் சூடு உதவுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. பெருங்காயத்தில் பிசின் ஒரு பகுதி, கோந்து ஒரு பகுதி. தண்ணீரில் கோந்துதான் கரையும். பிசினும் வாச எண்ணெயும் கரையாமல் பொடிப்பொடித் துளிகளாக மிதக்கும், அதனால்தான் கரைத்த தண்ணீர் பால் போல இருக்கிறது. கொதிக்கும்போது நீராவி அந்த வாசத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போகும். எண்ணெயில் வாச எண்ணெய் கரையும், கோந்து கரையாமல் பொரியும். நீங்கள் பார்த்த உப்பலில் பெரும்பங்கு கோந்துதான்.

கரைத்த தண்ணீரை ஊற்றிச் சமைப்பதும் தப்பில்லை. அது வேறு மணம், கொஞ்சம் கூர்மையானது.

அலமாரி | ஜூன் 9, காலை 11.05

இன்று கருகிவிட்டது, எழுதி வைக்கிறேன். எண்ணெய் புகைய ஆரம்பித்த பிறகு தூளைப் போட்டேன். இரண்டு நொடியில் கறுத்தது, கடைசி வாய்வரை கசப்பு விடவே இல்லை. கட்டிக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அவகாசம் உண்டு. தூளுக்கு நான்கைந்து நொடிதான். அதிலும் மாவு கலந்த தூளென்றால் மாவுதான் முதலில் கருகும். இனிமேல் கடுகு வெடித்து முடிந்ததும் அடுப்பை அணைத்து, கடைசியாகத் தூளைப் போட்டு, உடனே உணவில் கொட்டப் போகிறேன். இருக்கிற சூடே போதும்.

தூவல் | ஜூன் 9, மதியம் 2.15

புரிகிறது. நான் தூளைக் கடுகுக்கு முன்பே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். மணம் மாறுவது நிஜமா, அல்லது நின்றுகொண்டே இருப்பதால் மூக்கு பழகிவிடுகிறதா?

அலமாரி | ஜூன் 9, இரவு 9.30

இதை நான் யோசிக்கவே இல்லை. வெளியே இருந்த மகளை அழைத்து, என்ன செய்கிறேன் என்று சொல்லாமல் பச்சை எண்ணெயையும் பொரித்த எண்ணெயையும் முகரச் சொன்னேன். முதலாவதுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதுக்கு "பூண்டு வதக்கினீர்களா அம்மா?" என்று கேட்டாள். அவள் மூக்கு பழகியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒரு மூக்கை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்?

பிசின் | ஜூன் 10, காலை 9.00

பழகுவதும் உண்டு. தரப் பரிசோதனையில் அடிக்கடி வெளியே அனுப்பிவிட்டு மறுபடி முகரச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. எது எத்தனை பங்கு என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

டப்பா விஷயம் பாக்கி இருக்கிறது. பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளுக்கும் இந்த வாசப் பொருள்களுக்கும் ஒத்துப்போகும், இரண்டுமே எண்ணெய்த் தன்மை உள்ளவை. அதனால் வாசம் டப்பாச் சுவருக்குள் கரைந்து, மெதுவாக நடந்து, மறுபக்கம் வெளியேறும். தண்ணீருக்கு அந்த வழி கிடையாது. நீங்கள் செய்த கசிவுச் சோதனை மூடியைச் சோதித்தது, சுவரைச் சோதிக்கவில்லை. கண்ணாடியும் உலோகமும் வாசத்தை விடாது.

அலமாரி | ஜூன் 10, காலை 9.50

சுவர் வழியாகவா! மூடியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் "பெருங்காயம் வைத்த பாண்டம்" என்று சொல்வதன் நேர்ப்பொருள் விளங்குகிறது. பெருங்காயம் தீர்ந்தாலும் வாசம் போகாத பாத்திரம். பழங்கால மண்பாண்டம் நுண்துளைகளில் வாசத்தைப் பிடித்து வைத்தது, இந்தக் காலப் பிளாஸ்டிக் தன் உடம்பிலேயே கரைத்து வைக்கிறது.

அலமாரி | ஜூன் 16, மாலை 6.30

ஒரு வாரச் சோதனை முடிந்தது. நான்கு விதமாகக் கட்டியை மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனி எவர்சில்வர் தூக்கில் வைத்தேன். கூடவே இரண்டு சொட்டு வாசமில்லாத எண்ணெய் விட்ட பஞ்சு. எண்ணெய் வாசத்தைப் பிடித்து வைக்கும் என்று பிசின் சொன்னதால் வந்த யோசனை. தினம் காலையில் பஞ்சை முகர்ந்தேன்.

அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பை: முதல் நாளே நெடி. பிளாஸ்டிக் டப்பா: இரண்டாம் நாள். ரப்பர் வளையத்தோடு கொக்கி மூடி உள்ள கண்ணாடிப் பாட்டில்: நான்காம் நாள் மெலிதாக. உலோகத் திருகு மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்: ஐந்தாம் நாள் மெலிதாக.

கடைசி இரண்டும் ஏமாற்றம். கண்ணாடி விடாது என்றீர்களே?

பிசின் | ஜூன் 16, இரவு 8.20

கட்டியைப் போட்ட கையோடு பாட்டிலின் வெளிப்புறத்தைப் பிடித்தீர்களா?

அலமாரி | ஜூன் 16, இரவு 8.35

பிடித்தேன். திருகு மரையில் துகளும் ஒட்டியிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

பிசின் | ஜூன் 16, இரவு 8.50

அதுதான். வெளியே ஒட்டிய ஒரு துகள் போதும். சோப்பு மட்டும் போட்டால் முழுதாகப் போகாது, அது பிசின். முதலில் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் கழுத்தையும் மரையையும் துடைத்து, பிறகு சோப்பு. கைக்கும் அப்படியே.

கொக்கி மூடியில் ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம் இருக்கும். அதுவும் வாசத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியே விடும், சிலிக்கான் இன்னும் அதிகமாக. பாட்டிலில் பெருங்காயம் மட்டுமே இருக்கட்டும். அந்த வளையத்தை வேறு பாட்டிலுக்கு மாற்றிவிடாதீர்கள்.

கல்சட்டி | ஜூன் 17, காலை 7.10

யாரும் என் சமையல் சோடாவைப் பற்றிப் பேசவில்லை. என் குளிர்பெட்டியில் அது வேலை செய்கிறதே.

பிசின் | ஜூன் 17, மதியம் 12.40

புளித்த பால் நெடிக்கு வேலை செய்யும். அதில் அமிலம் இருக்கிறது, சோடா அமிலத்தோடு வினை புரியும். இந்த டைசல்பைடுகள் அமிலம் அல்ல, சோடா அவற்றைக் கண்டுகொள்ளாது. இதற்கு அடுப்புக்கரி அல்ல, செயலூட்டிய கரி வேண்டும். மீன் தொட்டி வடிகட்டியில் போடும் கறுப்புக் குருணை அதுதான். அதன் நுண்துளைகள் வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். நிரம்பியதும் மாற்ற வேண்டும்.

குளிர் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. குளிரில் வாசம் மெதுவாகத்தான் கிளம்பும். ஆனால் பக்கத்தில் வெண்ணெய் இருந்தால் அது முழுவதையும் இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த தூளை வெளியே எடுத்து உடனே திறந்தால் ஈரம் படிந்து கட்டி தட்டும்.

கல்சட்டி | ஜூன் 17, இரவு 7.30

வெண்ணெய் விஷயம் உண்மை. போன மாதம் எங்கள் வீட்டு வெண்ணெயில் ஒரு வாடை வந்தது, பாலைக் குறை சொன்னோம்.

அலமாரி | ஜூன் 24, காலை 10.15

திருகு மூடிப் பாட்டிலை எண்ணெய்த் துணியால் துடைத்து, கழுவி, காயவைத்து, மறுபடி ஏழு நாள் சோதித்தேன். இந்த முறை கட்டியைக் காகிதப் புனல் வழியாகப் போட்டேன், மரையில் படவில்லை. ஏழாம் நாளும் பஞ்சில் எண்ணெய் வாசம் மட்டும்தான். அப்படியானால் 16-ம் தேதி நான் எழுதிய கடைசி வரிசையைத் திருத்திக்கொள்ளுங்கள். குறை பாட்டிலில் இல்லை, என் விரலில்.

இப்போதைய ஏற்பாடு இது. கட்டி சின்னக் கண்ணாடிப் பாட்டிலில். அந்தப் பாட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள். இரண்டுக்கும் நடுவே துணியில் முடிந்த இரண்டு கரண்டி கரிக் குருணை. வாரத்துக்குத் தேவையானதை மட்டும் பொடித்து, இன்னும் சின்ன பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன். பொடித்தால் பரப்பு பல மடங்கு கூடுகிறது, நெடியும் அதற்கேற்ப வேகமாகக் கிளம்புகிறது, வாசமும் சீக்கிரம் போய்விடுகிறது. கட்டியாக இருப்பதே அதற்கும் நமக்கும் நல்லது.

வாசற்படி | ஜூன் 24, மதியம் 3.00

என் கட்டியை உடைக்கவே முடியவில்லை. உலக்கையில் மெழுகு போல ஒட்டுகிறது.

அலமாரி | ஜூன் 24, மாலை 4.25

எனக்கும் ஒட்டியது. வெயில் நாளில் இன்னும் மோசம். கண்ணாடிப் பாட்டிலோடு உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தேன். கல் போல இறுகிவிட்டது, ஒரு கரண்டி அரிசி மாவு தூவி இடித்தால் சுளுவாக நொறுங்குகிறது. சீக்கிரம் இடிக்க வேண்டும், சூடேறினால் மறுபடி ஒட்டும். இடிக்கும் உரலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கல்லிலும் நெடி ஏறும்.

தூவல் | ஜூன் 26, காலை 8.05

நானும் கட்டி வாங்கிவிட்டேன். உங்கள் சர்க்கரையும் தேயிலையும் என்ன ஆயிற்று?

அலமாரி | ஜூன் 26, இரவு 9.20

சர்க்கரையைத் தட்டில் பரப்பி ஜன்னலோரம் இரண்டு நாள் வைத்தேன், நெடி போய்விட்டது. மேலே ஒட்டியிருந்ததுதான் போலிருக்கிறது. தேயிலைக்குப் போகவில்லை. ஒரு வாரம் பரப்பியும் கோப்பையில் கடைசி வாயில் தெரிகிறது, கொட்டிவிட்டேன். பழைய பிளாஸ்டிக் டப்பாவை எண்ணெய் தேய்த்துச் சோப்பு போட்டு மூன்று தடவை கழுவி, ஐந்து நாள் வெயிலில் வைத்தேன். வெறும் டப்பா, மூடித் திறந்தால் இன்னும் வருகிறது. யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். அதுவரை உலக்கையை அதில் போட்டு, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.